ஹூக் வரைந்த வட்டம்

1676-ஆம் ஆண்டு என்று அச்சிடப்பட்ட ஒரு சிறு புத்தகம். சூரியனைக் கண் கெடாமல் பார்ப்பதற்கான கருவிகளைப் பற்றியது. அதன் கடைசிப் பகுதியில், சூரியனுக்குச் சம்பந்தமே இல்லாமல், ராபர்ட் ஹூக் பதினான்கு எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. புரியக்கூடாது என்பதுதான் நோக்கமே. கண்டுபிடித்ததை வெளியே சொல்லவும் கூடாது, நாளைக்கு வேறொருவர் சொன்னால் "நான்தான் முதலில்" என்று நிரூபிக்கவும் வேண்டும் என்றால், அந்தக் காலத்தில் இதுதான் வழி.

அவருக்கு அந்தப் பயம் வந்ததற்குக் காரணம் இருந்தது. 1675 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் தன் புதுக் கடிகார அமைப்பை வெளியிட்டார். சட்டைப்பைக் கடிகாரத்துக்குள் அங்குமிங்கும் திரும்பும் சின்னச் சக்கரத்தோடு ஒரு சுருள் ஸ்பிரிங்கை இணைத்தால், அது ஊசலைப் போலவே சீராக ஆடும். லண்டனில் ஹூக் கொதித்துப்போனார். ஸ்பிரிங்கை வைத்துக் கடிகாரத்தை ஒழுங்குபடுத்தும் யோசனை பல வருடம் முன்பே தனக்கு வந்தது என்றார். ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் அதை ஹைகன்ஸுக்குக் கசியவிட்டார் என்று குற்றம்சாட்டினார். டாம்பியன் என்ற கடிகாரக் கைவினைஞரை வைத்து அவசர அவசரமாக மன்னருக்கு ஒரு கடிகாரமும் செய்து கொடுத்தார். அப்படியும் சண்டை தீரவில்லை.

1678-இல் ஸ்பிரிங்கைப் பற்றித் தனியாக ஒரு நூலே போட்டு, அதில் புதிரை அவிழ்த்தார். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசை. இரண்டு மடங்கு இழுத்தால் இரண்டு மடங்கு விசையோடு திரும்ப இழுக்கும். பள்ளிக்கூடத்தில் ஹூக் விதி என்று படித்தது இதைத்தான். சுருள் கம்பி, கடிகார ஸ்பிரிங், ஆணியில் கட்டித் தொங்கவிட்ட இருபது முப்பது அடி நீளக் கம்பி என்று பலவற்றில் எடை போட்டு அளந்து பார்த்துச் சொன்னார்.

பாடப்புத்தகம் இந்த இடத்தோடு அவரை அனுப்பிவிடுகிறது. ஆனால் அந்த நூலின் பின்பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே அவர் கேட்டுக்கொண்ட கேள்வி இது: ஒரு ஸ்பிரிங்கை இழுத்து விட்டால், அதன் முனையில் இருக்கும் பொருள் திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு இடத்தையும் என்ன வேகத்தில் கடக்கும்?

சும்மா கேட்ட கேள்வி இல்லை. ஸ்பிரிங் கடிகாரம் சரியாக ஓட வேண்டுமானால், சக்கரம் பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே நேரம் ஆக வேண்டும். அதைக் காட்ட, வேகம் தெரிய வேண்டும்.

கஷ்டம் என்னவென்றால், விசை மாறிக்கொண்டே இருக்கிறது. மேலிருந்து விழும் கல்லுக்கு முடுக்கம் மாறாது. அதற்கான கணக்கைக் கலிலியோ ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார். ஸ்பிரிங்கில் அப்படி இல்லை. கடைசி முனையில் இழுப்பு அதிகம், நடுவுக்கு வர வர குறைந்து, நடுவில் பூஜ்யம். ஒவ்வொரு நொடியும் முடுக்கம் வேறு. இன்று நாம் நுண்கணிதத்தைக் கையில் எடுப்போம். 1678-இல் அச்சில் அப்படி ஒன்று கிடையாது. நியூட்டனுடையது அவருடைய கையெழுத்துத் தாள்களில் கிடந்தது. லைப்னிட்ஸ் வெளியிட இன்னும் ஆறு வருடம் இருந்தது.

ஹூக் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. ஸ்பிரிங்கைப் பத்துப் பங்கு தூரம் இழுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முழுத் திரும்புதலுக்கும் அது கொடுக்கும் மொத்தத் தள்ளல் 100 என்கிறார். அந்த நூறும் சமமாகப் பிரிவதில்லை. திரும்பி வரும் முதல் பங்கில் 19, இரண்டாவதில் 17, பிறகு 15, 13, 11, 9, 7, 5, 3, கடைசிப் பங்கில் வெறும் 1.

இந்த 19 எங்கிருந்து வருகிறது? முதல் பங்கின் ஆரம்பத்தில் விசை 10, முடிவில் 9. கூட்டினால் 19. அடுத்த பங்கில் 9-உம் 8-உம், ஆக 17. விசையை ஒரு சாய்கோடாக வரைந்தால் அதற்குக் கீழே ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் பரப்பையும்தான் அவர் எண்ணுகிறார். உண்மையான பரப்பு 9.5, 8.5 என்று போகும். அவர் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி வைத்திருக்கிறார். ஒப்பீடு மட்டும்தான் அவருக்கு வேண்டும் என்பதால் அதனால் ஒன்றும் கெடவில்லை. விசையையும் தூரத்தையும் பெருக்கிக் கூட்டுவதற்கு வேலை என்று பின்னாளில் பெயர் வந்தது. அவரிடம் அந்தப் பெயர் கிடையாது; பொருள் இருந்தது.

அடுத்த படிக்கு அவருக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது. ஒரு பொருளுக்கு இரண்டு மடங்கு வேகம் கொடுக்க நான்கு மடங்கு தள்ளல் வேண்டும், அதாவது தள்ளலின் கூட்டுத்தொகை வேகத்தின் வர்க்கத்தைப் போல வளரும் என்பதை இயந்திரவியலின் பொதுவிதியாகவே அவர் எடுத்துக்கொள்கிறார். திருப்பிச் சொன்னால், வேகம் அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம். லைப்னிட்ஸ் வேகத்தின் வர்க்கம்தான் இயக்கத்தின் சரியான அளவு என்று எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பியது 1686-இல். ஆற்றல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இந்தப் பொருளில் தாமஸ் யங் பயன்படுத்தியது 1807-இல். அதில் பாதியைப் போட்டு, இன்று நாம் எழுதும் ½mv² வடிவத்துக்குக் கொரியோலி கொண்டுவந்தது 1829-இல். ஹூக்கின் பட்டியல் இது எல்லாவற்றுக்கும் முன்னால்.

பட்டியல் இப்படிப் போகிறது. முதல் பங்கு கடந்ததும் வேகம் 19-இன் வர்க்கமூலம். இரண்டாவது கடந்ததும் 19+17, அதாவது 36-இன் வர்க்கமூலம்: 6. மூன்றாவது கடந்ததும் 51-இன் வர்க்கமூலம். நான்காவது கடந்ததும் 64-இன் வர்க்கமூலம்: 8. இப்படியே போய் நடுவுக்கு வரும்போது 100-இன் வர்க்கமூலம்: 10.

நான்காவது பங்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பத்தில் நான்கு கடந்தாயிற்று என்றால் நடுவிலிருந்து இன்னும் 6 தூரம். அங்கே வேகம் 8. இழுத்த தூரம் 10. ஆறு, எட்டு, பத்து: செங்கோண முக்கோணம். இரண்டாவது பங்கில் மீதித் தூரம் 8, வேகம் 6. அதே முக்கோணம், திருப்பிப் போட்டது. எந்த இடத்தை எடுத்தாலும் மீதித் தூரத்தின் வர்க்கத்தையும் வேகத்தின் வர்க்கத்தையும் கூட்டினால் 100. அப்படியென்றால் தூரத்தைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் வரைந்தால் கிடைப்பது ஒரு வட்டம். ஹூக் அந்த வட்டத்தைத் தன் படத்தில் வரைந்தே காட்டியிருக்கிறார்.

இன்றைய பாடப்புத்தகத்தில் இது ஒரே வரி:

v = ω√(A² − x²)

A என்பது வீச்சு, அதாவது முதலில் இழுத்த தூரம். x என்பது இப்போது நடுவிலிருந்து இருக்கும் இடப்பெயர்ச்சி. ω என்பது ஸ்பிரிங்கின் விறைப்பு k-ஐ நிறை m-ஆல் வகுத்து எடுத்த வர்க்கமூலம். வழுவழுப்பான மேசையில் 200 கிராம் எடை, மீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், 10 செ.மீ. இழுத்து விடுகிறோம். ஸ்பிரிங்கில் சேர்ந்த ஆற்றல் ½kA², 0.1 ஜூல். எடை 6 செ.மீ. குறியைக் கடக்கும்போது ஸ்பிரிங்கில் இன்னும் மிச்சம் இருப்பது ½kx², 0.036 ஜூல். காணாமல்போன 0.064 ஜூல் எடையின் இயக்கத்தில் இருந்தாக வேண்டும். அதை ½mv² என்று வைத்தால் v² = 0.64, வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். நடுவில் நொடிக்கு 1 மீட்டர். பத்துக்கு எட்டு. ஹூக்கின் நான்காவது வரிதான்.

இதே கணக்கைக் கலிலியோவின் வாய்பாட்டில் போட்டால் என்ன ஆகும்? விடுபடும் கணத்தில் முடுக்கம் 10 மீ/வி². கடந்த தூரம் 4 செ.மீ. v² = 2as என்று போட்டால் 0.89 வரும். பார்க்க நம்பும்படிதான் இருக்கும். மாணவர்கள் பலர் இங்கேதான் மாட்டுவார்கள். ஆனால் நடுவுக்குப் போய்ப் பாருங்கள்: 1.41 வரும், இருக்க வேண்டியது 1. முடுக்கம் குறைந்துகொண்டே வருவதை அந்த வாய்பாடு கண்டுகொள்வதில்லை. ஹூக்கின் பட்டைகள் அதைக் கண்டுகொள்கின்றன.

இந்த முறைக்குத் தெரியாத சில விஷயங்களும் உண்டு. 6 செ.மீ. குறியில் வேகம் 0.8 என்று சொல்லும். எடை உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று சொல்லாது. v² வழியாக வந்ததால் திசை வழியிலேயே தொலைந்துவிட்டது. உராய்வு இருந்தால் A-ஐப் பழையபடி வைத்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த சுற்றில் எடை 9 செ.மீ. வரைதான் போகிறது என்றால் ஆற்றல் 100-க்கு 81 ஆகிவிட்டது. அதே 6 செ.மீ. குறியில் வேகம் இப்போது √(81−36), ஏறக்குறைய 6.7, அதாவது நொடிக்கு 0.67 மீட்டர். வீச்சு ஒரு பங்கு குறைந்ததற்கு வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அதனால் ஆடும் பொருளின் வேகத்தைக் கணிக்கும் முன் அது அந்தச் சுற்றில் எங்கே நின்று திரும்புகிறது என்று பார்க்க வேண்டும், முதலில் எவ்வளவு இழுத்தோம் என்று அல்ல.

இனி ஹூக் வழுக்கிய இடத்துக்கு வருவோம். வேகம் கிடைத்துவிட்டது, அடுத்து அவருக்கு நேரம் வேண்டும். கடிகாரச் சண்டையில் நேரம்தானே வழக்கே! அவர் எடுத்த வழி: கடந்த தூரத்தை அந்த இடத்தின் வேகத்தால் வகுத்துவிடு. நான்கு பங்கு கடந்தபோது வேகம் 8. நேரம் 4/8, அதாவது 0.5. பத்துப் பங்கும் கடந்தபோது 10/10, அதாவது 1. இதை வைத்து வட்டத்தின் பக்கத்திலேயே நேரத்துக்காக ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளைந்த கோடு ஒன்றையும் வரைந்தார்.

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் போய்விட்டு, கடைசி நொடியில் ஸ்பீடாமீட்டர் காட்டிய வேகத்தால் 100-ஐ வகுத்து "இவ்வளவு நேரம் ஆச்சு" என்று சொல்வது போன்றது இது. ஹூக் மாதிரி ஓர் ஆள் ஏன் இப்படிச் செய்தார்? கலிலியோவின் கல்லில் இது பாதி வேலை செய்யும் என்பதால் என்று நினைக்கிறேன். மாறாத முடுக்கத்தில் தூரத்தைக் கடைசி வேகத்தால் வகுத்தால் எப்போதும் சரியாக உண்மை நேரத்தின் பாதி வரும். எப்போதும் பாதி என்பதால், ஒப்பீட்டில் தவறே தெரியாது. பட்டைகளை இரண்டால் பெருக்கியபோது தப்பித்தாரே, அதே மாதிரி. ஆனால் ஸ்பிரிங்கில் அந்த விகிதம் நிலையாக இல்லை. ஆரம்பத்தில் உண்மை நேரம் அவர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. நடுவுக்கு வரும்போது 1.57 மடங்குதான்.

அதன் விளைவு சின்னது இல்லை. அவர் கணக்குப்படி முனையிலிருந்து நடுவுக்கு வர ஆகும் நேரத்தில் பாதி கழிந்தபோது எடை பத்தில் நான்கு பங்கு வந்திருக்கும். உண்மையில் அப்போது மூன்று பங்குகூட வந்திருக்காது, 2.93 தான். ஆரம்பத்தில் ஸ்பிரிங் அவர் நினைத்ததைவிட மந்தமாகத்தான் கிளம்புகிறது.

இதில் வேதனை என்னவென்றால், சரியான விடைக்கு வேண்டிய எல்லாம் அவருடைய பட்டியலிலேயே இருந்தது. ஒவ்வொரு பங்கையும் அந்தந்தப் பங்கின் சராசரி வேகத்தால் தனித்தனியாக வகுத்துக் கூட்டியிருக்கலாம். முதல் பங்கில் வேகம் 0-இலிருந்து 4.36 வரை, சராசரி 2.18, நேரம் 0.46. அடுத்ததில் 4.36-இலிருந்து 6 வரை, நேரம் 0.19. இப்படிப் பத்தையும் கூட்ட வேண்டும். நான் சோம்பேறி, பைத்தானிடம் கொடுத்துவிட்டேன்:

```
v = [(100 - (10 - s)**2) ** 0.5 for s in range(11)]
t = sum(2 / (v[i] + v[i+1]) for i in range(10))
print(round(t, 2))
```

வந்த விடை 1.58. சரியான விடை π/2, அதாவது 1.571. வெறும் பத்துப் பட்டைகளில், நூற்றுக்கு ஒன்றுகூடப் பிழை இல்லாமல்! இதைக் கையால் செய்ய ஒரு மெழுகுவர்த்தி எரிந்து தீரும் நேரம்கூட ஆகியிருக்காது. அந்த எண்ணை அவர் பார்த்திருந்தால் அது வட்டத்தின் சுற்றளவில் வரும் எண் என்று அடையாளம் கண்டிருப்பாரா? எனக்கு அப்படி நம்ப ஆசை.

ஆனால் அவருடைய முக்கிய வாதம் இந்தப் பிழையால் விழவில்லை, கவனியுங்கள். ஐந்து பங்கு இழுத்தால் மொத்தத் தள்ளல் 25, நடுவில் வேகம் 5. பத்து இழுத்தால் 100, வேகம் 10. தூரம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கிறது, ஆகவே நேரம் மாறாது. அவர் தவறவிட்ட 1.57 எல்லா வீச்சுக்கும் ஒரே மாதிரி வருவதால் ஒப்பீட்டில் அடிபட்டுப் போகிறது. ஆட்டம் பெரிதோ சிறிதோ, நேரம் ஒன்றுதான். கடிகாரத்துக்கு அது போதும். ஓர் ஆட்டத்துக்கு உள்ளே, எந்தக் கணத்தில் எந்த இடம் என்று கேட்டால்தான் அவர் கோடு பொய் சொல்லும்.

அந்தப் பொய்க்கு மூலகாரணம் ஆற்றல் கணக்கின் குணத்திலேயே இருக்கிறது. அது இடத்துக்கும் வேகத்துக்கும் இடையே உள்ள வரவு செலவு. நேரம் அந்தப் பேரேட்டில் பதிவாகவே இல்லை. அதனால்தான் அது இவ்வளவு எளிது: நடுவில் என்ன நடந்தது என்று கேட்காமல் இரண்டு இடங்களை மட்டும் ஒப்பிட்டு வேகத்தைச் சொல்லிவிடும். அதே காரணத்தால் "எப்போது" என்று கேட்டால் வாயைத் திறக்காது. நேரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு சின்னத் தூரத்தையும் அதன் வேகத்தால் வகுத்துக் கூட்டியே ஆக வேண்டும்; குறுக்கு வழி இல்லை. அல்லது படத்தை வேறு மாதிரி பார்க்க வேண்டும்.

வேறு மாதிரி பார்த்தவர் நியூட்டன். 1687-இல் வந்த பிரின்சிப்பியாவின் முதல் புத்தகத்தில் 38-ஆவது கூற்று. மையத்திலிருந்து உள்ள தூரத்தைப் போல வளரும் விசை. அதை நோக்கி ஒரு பொருள் நேர்க்கோட்டில் விழுகிறது. ஹூக்கின் ஸ்பிரிங்கேதான், பெயர் மட்டும் இல்லை. இப்படிப்பட்ட விசையில் பொருள் நீள்வட்டத்தில் சுற்றும் என்பதை முன்பே காட்டியிருந்த நியூட்டன், அந்த நீள்வட்டத்தை நசுக்கி நசுக்கி ஒரு கோடாக்கிவிடுகிறார். பிறகு அந்தக் கோட்டின் மேல் ஒரு வட்டத்தை வரைந்து மூன்றையும் அதிலேயே படித்துவிடுகிறார். கடந்த தூரம் கிடைக்கோட்டில், வேகம் அதிலிருந்து எழும் செங்குத்தில், நேரம் வட்டத்தின் வில் நீளத்தில். வட்டத்தில் ஒரு புள்ளி சீராகச் சுற்றுகிறது, அதன் நிழல்தான் ஸ்பிரிங்கில் ஆடுகிறது என்று இன்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தப் படம்.

ஹூக்கின் எண்களையே அதில் வைக்கலாம். மீதித் தூரம் 6, வேகம் 8 என்ற புள்ளி வரை, வட்டத்தின் ஆரத்தை அலகாகக் கொண்டால், வில்லின் நீளம் 0.927. நடுவுக்கு நேர் மேலே உள்ள புள்ளி வரை கால்வட்டம், 1.571. நான்கு பங்கு தூரத்தைக் கடக்க நூற்றுக்கு 59 பங்கு நேரம் ஆகியிருக்கிறது. ஹூக் 50 என்றார். அவர் வேகத்துக்காக வரைந்த வட்டத்தின் விளிம்பிலேயே நேரம் எழுதப்பட்டிருந்தது. அவரோ அதைத் தேடி வேறொரு கோடு வரையப் போய்விட்டார்.

அடுத்த கூற்றில், 39-இல், நியூட்டன் ஸ்பிரிங்கையும் விட்டுவிடுகிறார். விசை எப்படி மாறினாலும் சரி, அதன் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பின் வர்க்கமூலம்தான் வேகம் என்று காட்டுகிறார். 19, 17, 15 என்று ஹூக் வெட்டிய பட்டைகள், எந்த வடிவக் கோட்டுக்கும் பொருந்தும்படி. இரண்டு கூற்றிலும் ஹூக்கின் பெயர் இல்லை.